லைப்ரரி பெயரை மூடிவிட்டு ஸ்பெக்ட்ரத்தைப் படியுங்கள்

ஃபுட் டெஸ்டிங் லேப், ஃபிளேவர் கம்பெனி, பெர்ஃப்யூம் க்யூசி என்று ஜிசி-எம்எஸ் ஓடும் எந்த இடத்துக்கு அனலிஸ்ட் வேலைக்குப் போனாலும் ஒரு சோதனைக்குத் தயாராக இருங்கள். டெக்னிக்கல் ரவுண்டில் ஒரு ஸ்பெக்ட்ரம் பிரின்ட்அவுட்டை உங்கள் முன்னால் வைப்பார்கள். காம்பவுண்ட் பெயர் இருந்த இடம் மறைக்கப்பட்டிருக்கும். "இது என்ன? எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்பார்கள்.

"சாஃப்ட்வேரில் லைப்ரரி சர்ச் கொடுப்பேன் சார்" என்பது கூட வந்திருக்கும் எல்லோரும் சொல்லப்போகும் பதில். லைப்ரரி சர்ச் ஒரு பட்டன், அதை யார் வேண்டுமானாலும் அமுக்கலாம். அது கொடுத்த பெயரை ஏற்கலாமா, கூடாதா, ரிப்போர்ட்டில் எந்த வார்த்தையில் எழுதலாம் என்று முடிவு செய்யத் தெரிந்தவருக்குத்தான் லேப் சம்பளம் கொடுக்கிறது. அந்த முடிவை எடுக்கும் வழியை ஒரே ஒரு கேஸை வைத்துப் பார்ப்போம்.

கேஸ் இதுதான். காங்கேயம் பக்கத்தில் ஓர் எண்ணெய் ஆலை. ஒரு லாட் தேங்காய் எண்ணெயில் காறல் வாடை வருகிறது. ஆலைக்காரர் சாம்பிளைக் கொடுத்துவிட்டு, "ஏனுங்க மேடம், கொப்பரையில கோளாறுங்களா, டின்னுல கோளாறுங்களா?" என்று கேட்கிறார். அவருக்குப் பீக் பெயர் முக்கியமில்லை. யார் தலையில் நஷ்டம் விழப்போகிறது என்பதுதான் முக்கியம். ஆனால் அந்தக் கேள்விக்கான பதில் ஒரு பீக்கின் பெயரில்தான் இருக்கிறது. பெயர் தப்பானால் பதிலும் தப்பு.

சாம்பிளை மூடிய வயலில் சூடாக்கி, மேலே நிற்கும் ஆவியை ஹெட்ஸ்பேஸ் முறையில் எடுத்து ஜிசி-எம்எஸ்ஸில் விட்டாயிற்று. நல்ல எண்ணெயில் இல்லாத ஒரு பெரிய பீக், கெட்ட எண்ணெயில் 6.53 நிமிடத்தில் நிற்கிறது. அதன் ஸ்பெக்ட்ரத்தில் உள்ள முக்கியமான கோடுகள் ஏறக்குறைய இப்படி:

```
m/z    43   58   71   99   114
%     100   60   15    5     5
```

1. படிக்கும் முன் ஸ்பெக்ட்ரத்தைச் சுத்தம் செய்யுங்கள்

அவசரக்காரர்கள் பீக்கின் உச்சியில் ஒரு கிளிக் செய்து, வந்த ஸ்பெக்ட்ரத்தை நேரே லைப்ரரிக்கு அனுப்புவார்கள். அந்த ஒரு ஸ்கேனில் உங்கள் காம்பவுண்ட் மட்டும் இருக்காது. பிரிப்புக் குழாயின் உள்பூச்சிலிருந்து கசியும் சிலிகோன் துண்டுகள் m/z 207, 281 என்று வந்து நிற்கும். காற்று கசிந்தால் 28, 32 உயரும். அதனால் பீக்கின் அகலம் முழுவதற்கும் ஸ்கேன்களைச் சராசரி எடுங்கள். பிறகு பீக்குக்குப் பக்கத்தில், தரை மட்டமாக இருக்கும் இடத்தின் ஸ்பெக்ட்ரத்தை அதிலிருந்து கழியுங்கள்.

ஒற்றை ஸ்கேனை நம்பக் கூடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. குவாட்ரபோல் கருவி எல்லா நிறைகளையும் ஒரே கணத்தில் அளப்பதில்லை, ஒவ்வொன்றாக அளந்துகொண்டு போகிறது. பீக் ஏறிக்கொண்டிருக்கும்போது எடுத்த ஸ்கேனும், இறங்கும்போது எடுத்த ஸ்கேனும் ஒரே காம்பவுண்டுக்கே வேறு வேறு விகிதத்தைக் காட்டும். சராசரி எடுத்தால் இந்தச் சாய்வு பெரும்பாலும் சமனாகிவிடும்.

இந்த இடத்திலேயே இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். பீக்கின் இடது சரிவிலும் வலது சரிவிலும் தனித்தனியாக ஸ்பெக்ட்ரம் எடுத்துப் பாருங்கள். விகிதம் கொஞ்சம் ஆடினால் பரவாயில்லை. ஒரு பக்கம் இருக்கும் அயனி மறுபக்கம் காணாமலே போனால், அந்தப் பீக்குக்குள் இரண்டு காம்பவுண்டுகள் ஒளிந்திருக்கின்றன. அதைப் பிரிக்காமல் மேலே ஒரு அடியும் வைக்காதீர்கள்.

மெதட் ஃபைலையும் திறந்து பாருங்கள். ஸ்கேன் எந்த நிறையில் தொடங்குகிறது? நாய்ஸைக் குறைக்கிறேன் என்று சிலர் 50-லிருந்து தொடங்கி வைத்திருப்பார்கள். பூச்சிக்கொல்லி எச்சம் தேடும் வேலைக்கு அது சரி. ஆவியாகும் சின்ன மூலக்கூறுகளுக்குச் சரிப்படாது. நம் கேஸில் உயரமான கோடே 43-இல் இருக்கிறது. 50-லிருந்து ஓட்டியிருந்தால் அது பதிவாகியே இருக்காது, 58 தான் பெரியது என்று நினைத்திருப்போம். 35-லிருந்து தொடங்கினால் காற்றின் 28, 32 தள்ளிப்போகும், வேண்டியது மிஞ்சும்.

கடைசியாக பிளாங்க். காலி வயலை அதே மெதடில் ஓட்டி, அதே நிமிடத்தில் ஒன்றும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிளாங்க் இல்லாமல் எழுதிய ரிப்போர்ட்டை எந்த சீனியரும் கையெழுத்துக்கு எடுக்கமாட்டார்.

2. வலது ஓரத்திலிருந்து தொடங்குங்கள்

கண் முதலில் உயரமான கோட்டுக்குத்தான் போகும். அதைத் தடுத்து, வலது ஓரத்தில் இருக்கும் கனமான அயனியைப் பாருங்கள். மூலக்கூறு உடையாமல் தப்பி வந்தால் அங்கேதான் இருக்கும்.

தப்பி வருவது ஏன் கஷ்டம் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். எலக்ட்ரான் அயனியாக்கத்தில் 70 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலோடு எலக்ட்ரான்களை மூலக்கூறின் மேல் பாய்ச்சுகிறோம். பெரும்பாலான கரிமச் சேர்மங்களிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 10-ஐ ஒட்டிய அளவே போதும். மோதலில் மூலக்கூறுக்குள் தங்கிவிடும் மிச்ச ஆற்றல்தான் அதை உடைக்கிறது. எல்லா லேபும் இந்த 70-ஐயே வைத்துக்கொள்வதால்தான் சென்னையில் எடுத்த ஸ்பெக்ட்ரத்தை அமெரிக்காவில் தொகுத்த என்ஐஎஸ்டி லைப்ரரியோடு ஒப்பிட முடிகிறது.

நம் கேஸில் கனமான அயனி 114. இது மூலக்கூறு அயனிதானா? இரண்டு கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி, அடுத்த அயனிக்கு இருக்கும் இடைவெளி நியாயமானதா? 114-லிருந்து 99-க்கு 15 குறைகிறது. ஒரு மெத்தில் தொகுதி கழன்றால் 15 குறையும், நியாயம். இடைவெளி 4 முதல் 14 வரை ஏதாவது ஒன்றாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஒரு மூலக்கூறிலிருந்து அந்த எடையில் கழன்று விழக்கூடிய துண்டு வழக்கத்தில் கிடையாது. அப்படி வந்தால் மேலே உள்ளது மூலக்கூறு அயனி அல்ல, அல்லது வேறொரு காம்பவுண்டின் கோடு கலந்திருக்கிறது.

இரண்டாம் கேள்வி, எண் இரட்டையா ஒற்றையா? மூலக்கூறு எடை இரட்டைப்படை என்றால் நைட்ரஜன் இல்லை, அல்லது இரட்டை எண்ணிக்கையில் இருக்கிறது. ஒற்றைப்படை என்றால் ஒற்றை எண்ணிக்கையில் நைட்ரஜன் இருக்கிறது. இதுதான் நைட்ரஜன் விதி. 114 இரட்டை. எனவே நைட்ரஜன் இல்லை என்ற ஊகத்தோடு மேலே போகலாம்.

114-க்குப் பொருந்தும் ஃபார்முலாக்களில் நமக்கு வேண்டியவை மூன்று: C8H18, C7H14O, C6H10O2. சாதாரண குவாட்ரபோலுக்கு இவை மூன்றும் ஒன்றுதான், எல்லாவற்றையும் 114 என்றே காட்டும். புத்தகத்தில் படித்த ஐசோடோப் கணக்கை இங்கே காட்டி இன்டர்வியூவில் மார்க் வாங்கலாம் என்று நினைப்பவர்கள் ஜாக்கிரதை. ஒரு கார்பனுக்கு 1.1 சதவீதம் வீதம், ஏழு கார்பனுக்கு 115-இன் உயரம் 114-இன் உயரத்தில் சுமார் 7.7 சதவீதம் இருக்க வேண்டும், எட்டுக்கு 8.8. ஆனால் 114-ஏ வெறும் 5 சதவீத உயரம்தான். அதில் 7.7 சதவீதம் என்றால் முழு ஸ்பெக்ட்ரத்தில் 0.4 சதவீதம்கூட இல்லை. நாய்ஸுக்குள் புதைந்த அந்தக் கோட்டை வைத்து ஏழா, எட்டா என்று சொல்ல முடியாது. "கணக்கு தெரியும், ஆனால் இந்த ஸ்பெக்ட்ரத்தில் அதை நம்பமாட்டேன்" என்று சொல்லுங்கள். அந்தப் பதிலுக்கு மதிப்பு அதிகம்.

3. இரட்டைப்படைத் துண்டு எங்கே என்று தேடுங்கள்

இந்தக் கேஸின் உயிர் இங்கேதான் இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள்.

நைட்ரஜன் இல்லாத மூலக்கூறில் ஒரே ஒரு பிணைப்பு அறுந்தால் மிஞ்சும் துண்டின் நிறை ஒற்றைப்படையாக இருக்கும். 43, 71, 99 எல்லாமே அந்த ரகம். 58 மட்டும் இரட்டை. அதுவும் 60 சதவீத உயரத்தில் நிற்கிறது. நைட்ரஜன் இல்லாமல் இவ்வளவு பெரிய இரட்டைப்படைத் துண்டு வந்தால் அங்கே வெறும் அறுபடல் நடக்கவில்லை. ஒரு ஹைட்ரஜன் இடம் மாறி, ஒரு முழு நடுநிலை மூலக்கூறு கழன்று போயிருக்கிறது.

114-லிருந்து 58-க்கு 56 குறைகிறது. 56 என்பது C4H8, பியூட்டீன். இந்தக் கணக்கைப் பார்த்ததும் நினைவுக்கு வர வேண்டிய பெயர் மெக்லாஃபர்ட்டி. கார்பொனைல் தொகுதியிலிருந்து மூன்றாவதாக இருக்கும் கார்பனின் ஹைட்ரஜன், ஆறு அணு வளையம் போல வளைந்து வந்து ஆக்ஸிஜனைப் பிடிக்கும். அதே நேரத்தில் நடுவில் ஒரு பிணைப்பு அறுந்து, வால் பகுதி ஆல்க்கீனாகப் பறந்துவிடும். மிஞ்சுவது கார்பொனைல் இருந்த தலைப்பகுதி. இதற்கு விளக்கம் கொடுத்த ஃப்ரெட் மெக்லாஃபர்ட்டி, டவ் கெமிக்கலில் ரோலண்ட் கோல்கேயோடு 1950-களில் ஜிசியையும் மாஸ் ஸ்பெக்ட்ராமீட்டரையும் முதன்முதலில் இணைத்தவர்களில் ஒருவர். பின்னாளில் லைப்ரரி சர்ச்சுக்கான நிகழ்தகவு முறை ஒன்றையும் உருவாக்கினார்.

மிஞ்சும் தலைப்பகுதி 58 என்றால் அது C3H6O. அதாவது கார்பொனைலின் ஒரு பக்கத்தில் வெறும் மெத்தில் மட்டுமே இருக்கிறது. 2-ஆம் இடத்தில் கார்பொனைல் உள்ள கீட்டோனைத்தான் இந்தக் கோடு முதலில் கைகாட்டுகிறது.

இப்போது மற்ற கோடுகள் தாமாக வந்து உட்காரும். கார்பொனைலுக்கு ஒரு பக்கம் அறுந்தால் CH3CO அயனி, 43. மறுபக்கம் மெத்தில் கழன்றால் 99. 71 என்பது C5H11, அறுந்துபோன ஐந்து கார்பன் வால் மின்னூட்டத்தோடு வந்திருக்கிறது. 43-உம் 71-உம் சேர்ந்தால் 114. இரண்டு துண்டுகளும் ஒட்டி முழு மூலக்கூறு ஆகிவிட்டது. பெயர் 2-ஹெப்டனோன்.

போர்டில் இதை வரைந்து காட்டச் சொல்வார்கள். மார்க்கர் கையில் வாங்கியதும் முதலில் 58-ஐ எழுதி, "இது இரட்டை" என்று தொடங்குங்கள். 43-லிருந்து தொடங்குபவர்கள் வழியிலேயே நின்றுவிடுவார்கள். 43 எண்ணற்ற காம்பவுண்டுகளில் வரும், அதனால் எதையும் பிரித்துக் காட்டாது.

ஒரு பொறி. 58 பெரிதாக இருந்தாலே கீட்டோன் என்று பாய்ந்துவிடாதீர்கள். டைமெத்தில் அமின் தொகுதி உள்ள பல காம்பவுண்டுகளுக்கு 58 தான் பேஸ் பீக். அங்கே நைட்ரஜன் இருப்பதால் சாதாரண அறுபடலிலேயே இரட்டை எண் வரும். முதலில் நைட்ரஜன் விதியைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

4. உடன்பிறப்புகளை ஒவ்வொன்றாக வெளியே அனுப்புங்கள்

பெயர் கிடைத்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். அதே 114 எடையில் வேறு யார் இருக்க முடியும், அவர்கள் ஏன் இல்லை என்று சொல்ல முடிந்தால்தான் உங்கள் பதில் நிற்கும். குறுக்குக் கேள்வி கண்டிப்பாக இங்கேதான் வரும்.

ஆக்டேன்? அதற்கும் 43, 71, 114 உண்டு. ஆனால் 57, 85 என்று 14 இடைவெளியில் வரிசை நீளும், 58 இப்படி உயராது. 3-ஹெப்டனோன்? 57 பெரியதாக இருக்கும், 85 வரும், மெக்லாஃபர்ட்டி அயனி 72-க்குப் போய்விடும். 4-ஹெப்டனோன்? மூலக்கூறு சமச்சீரானது, 71-உம் 43-உம் ஆட்சி செய்யும். ஆல்டிஹைடான ஹெப்டனால்? அதன் மறுஅமைப்பு அயனி 44, கூடவே 70 ஓங்கி நிற்கும், 114 கண்ணுக்கே படாது.

இவர்கள் நால்வரையும் ஸ்பெக்ட்ரமே வெளியே அனுப்பிவிடுகிறது. ஐந்தாவது ஆளை அனுப்பாது. 5-மெத்தில்-2-ஹெக்சனோன். அதிலும் ஒரு பக்கம் மெத்தில், மறுபக்கம் C5H11 வால், ஆனால் வாலில் ஒரு கிளை. 43, 58, 71, 99, 114 எல்லாம் அங்கேயும் வரலாம், விகிதம்தான் மாறும். கருவிக்குக் கருவி மாறும் விகிதத்தை நம்பி இருவரையும் பிரிப்பது ஆபத்து.

லைப்ரரியின் எண்களைப் படிக்கவும் இங்கேதான் கற்றுக்கொள்ள வேண்டும். என்ஐஎஸ்டி சர்ச் மேட்ச் என்று ஓர் எண்ணையும், ப்ராபபிலிட்டி என்று ஒரு சதவீதத்தையும் தரும். மேட்ச் 999-க்குக் கணக்கு, 900-க்கு மேல் போனால் மிக நல்ல பொருத்தம். ஆனால் ஒரே மாதிரி உடையும் இரண்டு ஐசோமர்கள் இருந்தால் இரண்டுக்குமே 900-ஐ ஒட்டி வரலாம். அப்போது ப்ராபபிலிட்டி இருவருக்கும் பங்காகி இறங்கிவிடும். மேட்ச் உயரம், ப்ராபபிலிட்டி தாழ்வு என்று பார்த்தால், "ஸ்பெக்ட்ரம் சரி, ஆனால் இதே மாதிரி இன்னொருவர் இருக்கிறார்" என்று பொருள். முதல் வரியில் வந்த பெயரை மட்டும் காப்பி செய்து ரிப்போர்ட்டில் ஒட்டுபவர் இந்த எச்சரிக்கையைப் பார்ப்பதே இல்லை. உங்கள் போட்டியாளர்களில் பெரும்பாலோர் அந்த ரகம்தான்.

5. பாதி ஆதாரம் ஜிசியில் இருக்கிறது

கருவியின் பெயரில் ஜிசி முதலில் வருகிறது. ஸ்பெக்ட்ரத்தில் மயங்கி அதை மறப்பவர்கள் நிறைய. காம்பவுண்ட் எத்தனையாவது நிமிடத்தில் வெளியே வந்தது என்பது தனி ஆதாரம். ஆனால் நிமிடத்தை அப்படியே ஒப்பிட முடியாது. குழாயின் நீளம், வாயு வேகம், வெப்ப ஏற்றம் மாறினால் நிமிடமும் மாறும். அதற்காகத்தான் ரிட்டென்ஷன் இன்டெக்ஸ். இந்த யோசனையை 1958-இல் கொடுத்தவர் கோவாட்ஸ். வெப்பம் ஏறிக்கொண்டே போகும் ரன்னுக்கு ஏற்ற எளிய கணக்கை 1963-இல் வான் டென் டூல், கிராட்ஸ் இருவரும் கொடுத்தார்கள்.

நேர்ச்சங்கிலி ஆல்க்கேன் கலவையை அதே மெதடில், அதே நாளில் ஓட்டுங்கள். எட்டு கார்பன் ஆல்க்கேனுக்கு 800, ஒன்பதுக்கு 900 என்று வரையறை. உங்கள் பீக் நடுவில் எங்கே விழுகிறது என்று விகிதம் போடுங்கள்.

```
RI = 100 × [ n + (t − t(n)) / (t(n+1) − t(n)) ]
RI = 100 × [ 8 + (6.53 − 4.80) / (6.70 − 4.80) ] = 891
```

இங்கே எட்டு கார்பன் 4.80 நிமிடத்திலும் ஒன்பது 6.70 நிமிடத்திலும் வந்ததாகக் கொண்டோம். 5 சதவீத ஃபீனைல் பூச்சுள்ள, எல்லா லேபிலும் இருக்கும் அந்தச் சாதாரணக் குழாயில் 2-ஹெப்டனோனுக்கு வெளியான மதிப்புகள் 890-ஐ ஒட்டியே இருக்கின்றன. கிளை உள்ள 5-மெத்தில்-2-ஹெக்சனோன் அதற்குத் தெளிவாக முன்பே வந்துவிடும். கிளைவிட்ட மூலக்கூறு நேர்ச்சங்கிலியைவிடச் சீக்கிரம் ஆவியாவதால் இந்த இடைவெளி விழுகிறது. ஸ்பெக்ட்ரம் பிரிக்க முடியாத ஐந்தாவது ஆளை இன்டெக்ஸ் வெளியே அனுப்பிவிட்டது.

இரண்டு விஷயத்தில் கவனம். வெளியான மதிப்போடு ஒப்பிடும்போது அதே ரகக் குழாயின் மதிப்பைத்தான் எடுக்க வேண்டும். வாக்ஸ் பூச்சுள்ள முனைவுக் குழாயில் 2-ஹெப்டனோன் 1180-களுக்குப் போய்விடும். அங்கே ஹெப்டனாலும் ஏறக்குறைய அதே இடத்தில் வந்து இடிக்கும். கெட்டுப்போன எண்ணெயில் இரண்டும் சேர்ந்து இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வாக்ஸ் குழாயில் ஓட்டும் லேபில் வேலை கிடைத்தால், m/z 58-ஐயும் 70-ஐயும் தனித்தனி குரோமட்டோகிராமாக வரைந்து, இரண்டின் உச்சியும் ஒரே நொடியில் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். உச்சி விலகினால் இருவர் இருக்கிறார்கள்.

6. ஒரு பீக்கோடு நிற்காமல் குடும்பத்தைத் தேடுங்கள்

ஜூனியரையும் சீனியரையும் பிரிப்பது இந்த ஒரு ஸ்டெப் என்பது என் கருத்து. மொத்த ரன்னிலிருந்து m/z 58-ஐ மட்டும் பிரித்து வரையுங்கள். கீழே கிடந்த சின்னச் சின்ன மேடுகள் எல்லாம் மறைந்து, 58 கொடுக்கும் பீக்குகள் மட்டும் நிற்கும். நம் எண்ணெயில் 890 பக்கம் ஒன்று, 1090 பக்கம் ஒன்று, 1290 பக்கம் ஒன்று. இருநூறு இருநூறாக ஏறும் படிக்கட்டு. ஸ்பெக்ட்ரத்தைத் திறந்தால் இரண்டாவதின் மூலக்கூறு அயனி 142, மூன்றாவது 170. 28 கூடினால் இரண்டு கார்பன் கூடியிருக்கிறது என்று அர்த்தம். 2-நோனனோன், 2-அன்டெகனோன்.

ஏழு, ஒன்பது, பதினொன்று. ஏன் ஒற்றைப்படைக் கார்பன் மட்டும்? தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் எட்டு, பத்து, பன்னிரண்டு என்று இரட்டைப்படைக் கார்பன் கொண்டவை. பன்னிரண்டு கார்பன் லாரிக் அமிலம் மட்டுமே ஏறக்குறைய பாதி. ஈரம் காயாத கொப்பரையில் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசில்லியம் வகைப் பூஞ்சைகள் இந்த அமிலங்களைச் சிதைக்கும்போது ஒரு கார்பன் கார்பன்டைஆக்ஸைடாகக் கழன்று, ஒன்று குறைந்த மெத்தில் கீட்டோன் மிஞ்சுகிறது. எட்டு ஏழாகிறது, பத்து ஒன்பதாகிறது, பன்னிரண்டு பதினொன்றாகிறது. கீட்டோன் வழிக் காறல் என்று எண்ணெய்த் துறையில் சொல்வது இதைத்தான்.

டின்னிலோ வெயிலிலோ காற்றுப்பட்டு எண்ணெய் ஆக்ஸிஜனேற்றம் அடைந்திருந்தால் படம் வேறு மாதிரி இருக்கும். ஹெக்சனால், நோனனால் போன்ற ஆல்டிஹைடுகள் ஓங்கி நிற்கும், 58 படிக்கட்டு இருக்காது. ஆலைக்காரருக்கான பதில் இப்போது கையில் வந்துவிட்டது. பழுது கொப்பரைக் காய்ச்சலில் தொடங்கியிருக்கிறது. பருப்பின் பாதி எடைக்கு இருக்கும் ஈரத்தை 6 சதவீதம் அளவுக்கு இறக்காமல் மூட்டை கட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வலுவான காரணம் இருக்கிறது. அடுத்த லாட் கொப்பரையின் ஈரத்தை அளக்கச் சொல்லுங்கள். கிளையன்ட் திரும்பி வருவது இந்த மாதிரி பதிலுக்குத்தான். கிளையன்டைத் திரும்ப வரவைப்பவர் பெயர் அப்ரைசலில் தனியாகத் தெரியும்.

7. ஸ்டாண்டர்டு வாங்கி ஓட்டும்வரை "உறுதி" என்று எழுதாதீர்கள்

ஸ்பெக்ட்ரம் பொருந்துகிறது, இன்டெக்ஸ் பொருந்துகிறது, வேதியியல் கதையும் பொருந்துகிறது. இருந்தாலும் இது தற்காலிக அடையாளம்தான். 2007-இல் மெட்டபாலமிக்ஸ் துறையினர் அடையாளம் காண்பதற்கு வகுத்த நிலைகளின்படி, லைப்ரரியோடும் வெளியான தகவலோடும் மட்டும் பொருந்தினால் அது இரண்டாம் நிலை. அசல் ஸ்டாண்டர்டை அதே லேபில், அதே நிபந்தனையில் ஓட்டி, ஒன்றையொன்று சாராத இரண்டு பண்புகளாவது பொருந்தினால்தான் முதல் நிலை. நம் விஷயத்தில் அந்த இரண்டும் ரிட்டென்ஷனும் ஸ்பெக்ட்ரமும்.

2-ஹெப்டனோன் ஸ்டாண்டர்டை, சிஏஎஸ் எண் 110-43-0 பார்த்து, ஆர்டர் போடுங்கள். நல்ல தேங்காய் எண்ணெயில் சிறு அளவு கலந்து, சாம்பிளை நடத்திய அதே மாதிரி நடத்துங்கள். வெறும் கரைப்பானில் கரைத்து ஓட்டுவதைவிட இது நல்லது, எண்ணெயின் பாதிப்பும் சேர்ந்து ஒப்பிடப்படும். பிறகு சந்தேகப் பீக் உள்ள சாம்பிளிலேயே கொஞ்சம் ஸ்டாண்டர்டைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். பீக் அகலமாகாமல், தோள் விழாமல் உயரம் மட்டும் கூடினால் இருவரும் ஒருவரே. தோள் விழுந்தால் ரிப்போர்ட்டை நிறுத்துங்கள்.

ஸ்டாண்டர்டு வரத் தாமதமாகும், கிளையன்ட் இன்றே ரிப்போர்ட் கேட்கிறார் என்ற நிலை அடிக்கடி வரும். அப்போது இப்படி எழுதுங்கள்: "ஸ்பெக்ட்ரம், ரிட்டென்ஷன் இன்டெக்ஸ் அடிப்படையில் 2-ஹெப்டனோன் எனத் தற்காலிகமாக அடையாளம் காணப்பட்டது, ஸ்டாண்டர்டுடன் ஒப்பீடு நிலுவையில்." மேனேஜர் "தற்காலிகமாக" என்ற சொல்லை எடுக்கச் சொன்னால், எடுக்காததற்கான காரணத்தை மெயிலில் எழுதி அனுப்புங்கள். ஆடிட்டில் கேள்வி வரும்போது அந்த மெயில்தான் உங்களைக் காப்பாற்றும்.

ரெஸ்யூமேயிலும் இன்டர்வியூவிலும்

"ஜிசி-எம்எஸ் ஆபரேட் செய்யத் தெரியும்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். எல்லா ரெஸ்யூமேயிலும் அது இருக்கிறது. உங்கள் காலேஜ் ப்ராஜெக்ட்டில் ஒரு பீக்கையாவது ஆல்க்கேன் கலவை ஓட்டி இன்டெக்ஸ் போட்டு உறுதி செய்திருந்தால், அந்தக் காம்பவுண்டின் பெயரோடு, குழாயின் வகையோடு, கிடைத்த இன்டெக்ஸோடு எழுதுங்கள். செய்யவில்லை என்றால் இப்போதே செய்யுங்கள், ஆல்க்கேன் கலவை பெரும்பாலான டிபார்ட்மென்ட் ஃபிரிட்ஜில் ஏதாவது ஒரு மூலையில் இருக்கும்.

பயிற்சிக்குத் தனி கோர்ஸ் வேண்டாம். என்ஐஎஸ்டி வெப்புக்கில் ஆயிரக்கணக்கான ஸ்பெக்ட்ரங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நண்பரை விட்டுப் பெயரை மறைத்து ஒன்றை எடுக்கச் சொல்லி, மேலே சொன்ன வரிசையில் வாய்விட்டுப் படியுங்கள். கீட்டோன், ஆல்டிஹைடு, ஆல்கஹால், எஸ்டர் நான்கும் ஐந்து முதல் பத்து கார்பன் வரை கைவந்தால் ஃபுட், ஃபிளேவர் இன்டர்வியூக்களில் வரும் பெரும்பாலான தாள்களைச் சமாளிக்கலாம்.

ஆல்கஹாலில் ஒரு கேள்வியைக் கண்டிப்பாக எதிர்பாருங்கள். 2-ஹெப்டனால் ஸ்பெக்ட்ரத்தைக் கொடுப்பார்கள். பேஸ் பீக் 45, கூடவே 98, 101 என்று சின்னக் கோடுகள். மூலக்கூறு எடை 116, ஆனால் 116-இல் அநேகமாக ஒன்றும் இருக்காது. 101-ஐ மூலக்கூறு அயனி என்று நினைத்தால் நைட்ரஜன் இருக்கிறது என்று தப்பாகப் போவீர்கள். 98-க்கும் 101-க்கும் நடுவே இடைவெளி 3, அப்படி ஒரு துண்டு கழலாது என்று பார்த்தால் வழி திறக்கும். இரண்டுமே காணாமல் போன ஒரே அயனியின் பிள்ளைகள். 101 உடன் மெத்தில் 15-ஐக் கூட்டினாலும் 116, 98 உடன் தண்ணீர் 18-ஐக் கூட்டினாலும் 116. உறுதி செய்ய என்ன செய்வீர்கள் என்று அடுத்து கேட்பார்கள். அம்மோனியா போன்ற வாயுவை வைத்து மென்மையான கெமிக்கல் அயனியாக்கத்தில் ஓட்டி, உடையாத மூலக்கூறின் எடையைத் தேடுவேன் என்று சொல்லுங்கள். அந்த லேபில் அந்த வசதி இருக்கிறதா என்பதை நேரில் போகும் முன்பே அவர்கள் வெப்சைட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.